கூடத் தொடங்கிய கம்பெனியை விட்டுப் போகும்போது டீமுக்கு என்ன எழுதுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் அழகாபுரத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, நானும் என் கல்லூரித் தோழனும் ஒரு கம்பெனி தொடங்கினோம். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கான கணக்கு மென்பொருள். பட்டறைக்காரர் வெள்ளியை எடை போட்டு வேலையாளிடம் கொடுப்பார். அது கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை போட்டு, சேதாரம் கழித்து, கூலி போடுவார். நோட்டில் எழுதிவந்த அந்தக் கணக்கைப் போனுக்குக் கொண்டுவந்தோம். ஐந்தாம் வருடம் நான் விலகினேன். அப்போது எங்களோடு ஒன்பது பேர் வேலை செய்தார்கள்.

அந்த ஒன்பது பேருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத எனக்கு ஆறு வாரம் பிடித்தது. எழுதியது அரை மணி நேரம்தான். மீதி நாளெல்லாம் கடிதத்தில் வரப்போகும் வரிகளை உண்மையாக்குவதில் போனது. "எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன்" என்று எழுதுவது சுலபம். ஒப்படைப்பதுதான் வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் எழுத உட்கார்வதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியே இருக்கும்.

முதலில் இருவரும் ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்

எங்கள் ஆபீஸில் இரண்டு அறை, நடுவில் பிளைவுட் தடுப்பு. தும்மினால் அடுத்த அறையில் "நூறு வயசு" என்பார்கள். அங்கே இதைப் பேச முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பைக்கில் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடியும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை. ஏரிப் பக்கம் ஒரு கடையில் காபி சொல்லிவிட்டு, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்தோம்.

அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான்: என் கடைசி நாள் எது. ஏன் போகிறேன் என்பது ஒரே வாக்கியத்தில். என் பங்குகள் என்ன ஆகும். நான் பார்த்துவந்த வேலைகள் யார் கைக்குப் போகும். போன பிறகு என்னை எதற்குக் கூப்பிடலாம், எதுவரை கூப்பிடலாம். ஐந்து வரிக்கும் கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம். சட்டப்படி அதற்குப் பெரிய மதிப்பு இல்லாமல் இருக்கலாம். ஆனால் கடிதம் போன மறுநாள் டீமில் யாராவது தனியாக வந்து கேட்டால், இருவர் வாயிலிருந்தும் ஒரே பதில் வர அந்தத் தாள்தான் காரணம்.

இதில் நேரம் பிடிப்பது இரண்டாவது வரி. எங்களுக்குள் சண்டை இல்லை, வழி வேறாகிவிட்டது. நகைக்கடைகளுக்குப் போக வேண்டும், பணம் அங்கேதான் இருக்கிறது என்பது அவன் கணக்கு. பட்டறைகளை விட்டுவிட்டால் நமக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்பது என் கணக்கு. நான் முதலில் எழுதிய காரணம் "குடும்பச் சூழ்நிலை". அவன் படித்துவிட்டுச் சிரித்தான். "நாலு மாசமா நாம கத்துறது பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் கேக்கலைன்னா நினைக்கிற?" என்றான். சரிதான். டீமுக்கு ஏற்கனவே பாதி தெரியும். தெரிந்ததை மறைத்து எழுதினால், கடிதத்தில் உள்ள மற்ற வரிகளையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். முக்கியமாக, சம்பளம் பற்றிய வரியை.

அதற்காக யார் சொன்னது சரி என்று கடிதத்தில் வாதாடவும் கூடாது. ஒரு சோதனை சொல்கிறேன். காரணத்தை எழுதிய வாக்கியத்தை உங்கள் கூட்டாளி டீம் முன்னால் சத்தமாக வாசிக்க முடியுமா? முகம் சுளிக்காமல் வாசிக்க முடிந்தால் அது சரியான வாக்கியம். நாங்கள் ஏழு முறை மாற்றி எழுதிய பிறகுதான் அந்த இடத்துக்கு வந்தோம்.

தேதி ஒன்றாக இருக்கட்டும்

டீமுக்கு எழுதும் கடிதம் வேறு, ராஜினாமாக் கடிதம் வேறு. பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் நீங்கள் டைரக்டராக இருந்தால், 2013ஆம் வருட கம்பெனிகள் சட்டத்தின் 168ஆம் பிரிவுப்படி எழுத்து மூலம் கம்பெனிக்கு ராஜினாமா கொடுக்க வேண்டும். கம்பெனி அதைப் பெற்ற நாள், நீங்கள் அதில் குறிப்பிட்ட நாள், இந்த இரண்டில் எது பிந்தியதோ அன்றுதான் அது நடைமுறைக்கு வரும். அதன் பிறகு கம்பெனி 30 நாளுக்குள் DIR-12 என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

இது ஏன் டீமுக்கான கடிதத்தில் வந்து முட்டுகிறது என்றால், நிறையப் பேர் டீமுக்கு "இன்றோடு விலகுகிறேன்" என்று எழுதிவிட்டு ராஜினாமாவை அடுத்த மாதம் சாவகாசமாகக் கொடுக்கிறார்கள். அந்த இடைவெளியில் கம்பெனி செய்வதற்கெல்லாம் காகிதத்தில் நீங்களும் டைரக்டர். பதவியில் இருந்த காலத்து விஷயங்களுக்கு விலகிய பிறகும் பொறுப்பு உண்டு என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே, கடிதத்தில் எழுதும் கடைசி நாளும் ராஜினாமாவில் எழுதும் நாளும் ஒன்றாக இருக்கட்டும்.

இன்னொரு சிக்கல் எங்களுக்குக் கடைசி வாரத்தில்தான் உறைத்தது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும். இருந்ததே நாங்கள் இருவர்தான். நான் போனால் அவன் ஒருவன்தான் மிச்சம். ஆடிட்டர் போனில் திட்டினார். அவன் மனைவியை டைரக்டராகச் சேர்த்து, அதற்கான கையொப்ப வேலைகள் முடிய இரண்டு வாரம் ஆனது. நல்லவேளை, கடிதம் இன்னும் போகவில்லை. போயிருந்தால் தேதியை மாற்றி இரண்டாவது கடிதம் எழுத வேண்டியிருக்கும். அதைப் படிக்கிறவர்கள் "என்னவோ இழுபறி நடக்கிறது" என்றுதான் நினைப்பார்கள்.

எல்.எல்.பி.யாகப் பதிந்தவர்களுக்கு விதிகள் வேறு. முதலில் உங்கள் ஒப்பந்தத்தில் விலகுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் போனுக்கு வரும் ஓடிபிகளை ஒரு மாதம் எழுதி வையுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் இதுதான் முக்கியமான படி. சிறிய கம்பெனியில் தொடங்கியவரின் போன்தான் பாதி சாவி. முதல் நாள் அவசரத்தில் யாரோ ஒருவரின் நம்பரைக் கொடுத்திருப்போம். அது அப்படியே நிலைத்திருக்கும்.

எங்கெங்கே உங்கள் நம்பர் இருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தால் ஞாபகம் வராது. வேறு வழியில் பிடிக்க வேண்டும். ஒரு முழு மாதம், கம்பெனி வேலைக்காக உங்கள் போனுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியையும் எழுதுங்கள். எந்தத் தேதி, எங்கிருந்து, யார் கேட்டார்கள். ஒரு வாரம் போதாது. வேலைகள் மாதச் சுழற்சியில் வருகின்றன. பிடித்தம் செய்த வருமான வரியை 7ஆம் தேதிக்குள் கட்டுவோம், ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதிக்குள், ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதிக்குள், சம்பளம் 1ஆம் தேதி. மாதம் முழுக்கப் பார்த்தால்தான் எல்லாம் மேலே வரும்.

என் பட்டியலில் பதினோரு இடம் வந்தது. வங்கியில் சம்பளம் அனுப்ப ஒப்புதல் தரும் நம்பர் என்னுடையது. சர்வர் கணக்கின் மூலக் கடவுச்சொல்லுக்கு இரண்டாவது பூட்டு என் போனில் இருந்த செயலி. பிளே ஸ்டோர் கணக்கு என் சொந்த ஜிமெயிலில். பட்டறைக்காரர்கள் பேசும் வாட்ஸ்அப் பிசினஸ் நம்பர், நான் கல்லூரியில் வாங்கிய பழைய சிம். ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிய ஆள், மாற்றிய தேதி என்று எழுதினேன். மாற்றி முடித்த பிறகு ஒரு சோதனையும் வைத்தோம். ஒரு வியாழக்கிழமை முழுக்க என் போனை அணைத்து வைத்தேன். அன்று எதுவும் நிற்கவில்லை என்றால் ஒப்படைத்தாகிவிட்டது என்று பொருள். நின்றது, இரண்டு இடத்தில். மறுநாள் சரிசெய்தோம்.

டிஜிட்டல் கையொப்பம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யூஎஸ்பி டோக்கனில் இருக்கும் அந்தக் கையொப்பம் கம்பெனியுடையது அல்ல, உங்களுடையது. அதை வைத்து யார் எதில் போட்டாலும் அது நீங்கள் போட்ட கையெழுத்து. நம் ஊரில் எல்லோருடைய டோக்கனும் ஆடிட்டர் மேசை டிராயரில் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கும். ஜிஎஸ்டி தளத்தில் உங்களுக்குப் பதில் வேறொருவரை அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராக மாற்றிவிட்டு, அந்த டோக்கனைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். "கிடக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்" என்பார்கள். அந்த அவசரத்துக்காகத்தான் வாங்கி வர வேண்டும்.

கம்பெனிக்காக வாங்கிய கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றிருந்தால், டைரக்டர் பதவியை விட்டதனால் மட்டும் அது தீராது. வங்கி எழுத்தில் விடுவிக்க வேண்டும். இது டீமுக்கான கடிதத்தில் வராது. ஆனால் இதை முடிக்காமல் கடிதம் அனுப்பினால், கூட்டாளியோடு பேசும் பலம் உங்களிடம் குறைந்துவிடும்.

வாயால் கொடுத்த வாக்குகள்

எங்களிடம் முதலில் சேர்ந்த டெவலப்பருக்கு அப்போது பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு வந்தான். சேர்ந்த மூன்றாம் மாதம், ஐந்து ரோடு பக்கம் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே, "கம்பெனி நல்லா வந்தா உனக்கு ஒரு பர்சென்ட் உண்டுடா" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு மறந்தே போனது. கூட்டாளிக்கோ அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

நான் போகிறேன் என்று அவனிடம் தனியாகச் சொன்னபோது, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணா, அந்த ஒரு பர்சென்ட் இனி யார்கிட்ட கேக்கறது?" என்றான். கோபம் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

தொடங்கியவர் போகும்போது அவர் வாயால் சொன்னதும் கூடவே போய்விடும். ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன், டீமில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, எதிரே "இவருக்கு நான் என்ன சொல்லியிருக்கிறேன்" என்று எழுதுங்கள். சம்பள உயர்வு, பதவி, பங்கு, வீட்டிலிருந்து வேலை செய்யும் சலுகை, தங்கைக்கு வேலை, எதுவானாலும். பிறகு அந்தப் பட்டியலோடு கூட்டாளி முன்னால் உட்காருங்கள். சிலதை அவர் ஏற்பார், சிலதை மறுப்பார். ஏற்றவை கம்பெனி லெட்டர்ஹெட்டில் அந்தந்த ஆளுக்குப் போக வேண்டும். மறுத்தவற்றை நீங்களே நேரில் போய், "நான் சொன்னேன், நடக்கவில்லை" என்று சொல்ல வேண்டும். கடிதத்துக்குப் பின்னால் ஒளியக் கூடாது.

பங்கு விஷயத்தில் வாய்வார்த்தையால் ஒன்றும் ஆகாது. ஊழியர்களுக்குப் பங்கு தர, கம்பெனி முறைப்படி தீர்மானம் போட்டு ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் அது கைக்கு வரும். எங்களிடம் அப்படித் திட்டமே இல்லை. கடைசியில், இரண்டு வருடத்தில் மூன்று தவணையாக ஒரு தொகை என்று முடிவானது. அந்தத் தொகையில் ஒரு பகுதியை நான் என் பக்கத்திலிருந்து கொடுத்தேன். அவன் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். ஆனால் காகிதத்தில் இருந்தது.

யாருக்கு எப்போது சொல்வது

கடிதம்தான் முதல் செய்தி என்று நினைத்தால் தப்பு. ஒன்பது பேரில் மூன்று பேருக்கு அது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது. என் வேலைகளை வாங்கிக்கொள்ளப் போகிற சீனியர் டெவலப்பர், பட்டறைகளுக்குப் போகும் சப்போர்ட் தம்பி, கணக்குப் பார்க்கும் அக்கா. இவர்களுக்கு முந்தின நாள் மாலை, தனித்தனியாக, நேரில் சொன்னேன். அதற்கு முன்னால் சொன்னால் ரகசியம் காக்கும் பாரத்தை அவர்கள் தலையில் வைக்கிறோம். அன்றைக்கே கடிதத்தில் பார்த்தால், "நம்ம பேரைப் போட்டுட்டு நம்மகிட்டயே சொல்லலையே" என்று மனசு விட்டுப்போகும். ஒரு இரவு போதும்.

எந்த நாள் அனுப்புவது? சம்பளம் வங்கியில் விழுந்த பிறகு. இதில் சமரசமே வேண்டாம். சம்பளத்துக்கு முன்னால் சொன்னால், அந்த மாதச் சம்பளம் ஒரு நாள் தள்ளினாலும் கதை கட்டிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலையும் வேண்டாம். இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க விட்டால் திங்கட்கிழமை பாதிப் பேர் பயோடேட்டா தயார் செய்துகொண்டு வருவார்கள். நான் செவ்வாய் என்று வைத்திருந்தேன். அம்மா, "செவ்வாய்க்கிழமையா போய் இதெல்லாம் சொல்லுவ? பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது" என்றார். புதன் காலை பத்தரை ஆயிற்று. தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் பட்டறைகளில் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்தச் சமயத்தையும் தவிர்த்தோம்.

அனுப்பும் நாளுக்கும் கடைசி நாளுக்கும் நடுவே மூன்றிலிருந்து நான்கு வாரம் சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால், இருந்தும் இல்லாத ஆளாக ஆபீஸில் உலாவ வேண்டும். யாரும் உங்களிடம் எதுவும் கேட்க மாட்டார்கள், கூட்டாளியிடமும் கேட்க மாட்டார்கள்.

எழுத உட்கார்ந்தபோது

இங்கிலீஷில் எழுத வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நாங்கள் நாள் முழுக்கத் தமிழில் பேசி வேலை செய்தவர்கள். பிரிவுக் கடிதத்தில் மட்டும் இங்கிலீஷ் வந்தால் அது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

என் முதல் வரைவில் நான்கு பத்தி என் கதை. கடன் வாங்கியது, முதல் பட்டறைக்காரர் துரத்தியடித்தது, இரவெல்லாம் கோடு எழுதியது. படிக்கிறவருக்கு அந்த நேரத்தில் அது தேவையில்லை. அவர் மனதில் ஓடுவது மூன்று: கம்பெனி மூழ்குகிறதா, இவர்களுக்குள் சண்டையா, நாளை முதல் நான் யாரிடம் கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை உங்கள் கதையை அவர் கண்ணால்தான் படிப்பார்.

இரண்டாவதாக, "கம்பெனி நல்ல நிலையில் இருக்கிறது, யாரும் கவலைப்பட வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். அடித்தேன். போகிறவர் அந்த வாக்குறுதியைத் தர முடியாது. அடுத்த மாதச் சம்பளம் நான் போடப் போவதில்லை. அதை இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். ஆகவே, என் கடிதம் போன பத்தாவது நிமிடம் கூட்டாளியின் செய்தி போக வேண்டும், அதில் பண நிலவரம் எண்ணோடு இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம்.

மூன்றாவதாக, "அடுத்து என்ன செய்கிறேன் என்று விரைவில் சொல்கிறேன்" என்ற வரி. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் டீமில் நாலு பேராவது அதை "கூப்பிடுவார், காத்திருப்போம்" என்று படிப்பார்கள். கூட்டாளி, "ஆள் பிடிக்கிறான்" என்று படிப்பான். அதையும் எடுத்தேன்.

கடைசியில் போனது இதுதான். பெயர்களை எடுத்துவிட்டு அவரவர் வேலையை வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தி மட்டும் நான் அன்று அனுப்பியது அல்ல, பிறகு புத்தி வந்து திருத்தியது. காரணம் கீழே.

> எல்லோருக்கும் வணக்கம்.
>
> இந்த மாதம் 30ஆம் தேதி கம்பெனியில் எனக்குக் கடைசி நாள். அன்றோடு டைரக்டர் பொறுப்பிலிருந்தும் விலகுகிறேன்.
>
> அடுத்து நகைக்கடைகளுக்கான மென்பொருளுக்குப் போக வேண்டும் என்பது என் கூட்டாளியின் எண்ணம். பட்டறைகளோடு மட்டும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நான்கு மாதம் பேசினோம், நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒன்பது பேரை வைத்து இரண்டையும் செய்ய முடியாது. கம்பெனி அவர் சொல்லும் வழியில் போகும். முழு மனதில்லாமல் நான் கூட இருப்பது உங்களுக்கு நல்லதல்ல என்பதால் விலகுகிறேன். இது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.
>
> என் பங்குகளில் பாதியை அவர் வாங்கிக்கொள்கிறார். மீதி என்னிடம் இருக்கும். நிர்வாகத்தில் எனக்கு இனி இடமில்லை. பண நிலவரம் பற்றி அவர் இன்றே உங்களுக்கு எழுதுவார்.
>
> சர்வர், பேக்கப், புது வெர்ஷன் வெளியிடுவது: சீனியர் டெவலப்பர். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பட்டறைகள்: சப்போர்ட் தம்பி. விலை குறைப்பது பற்றி யார் கேட்டாலும் தம்பி சொல்வதே முடிவு, என்னிடம் வர வேண்டாம். பில், வசூல், ஜிஎஸ்டி: அக்கா.
>
> போன வருடம் தீபாவளிக்கு முன்னால் எடை மெஷினிலிருந்து வந்த எண்ணில் புள்ளி ஒரு இடம் தள்ளி, 14 பட்டறைகளின் கணக்கு கெட்டது. பிழை நான் எழுதிய கோடில். அன்று இரவு இரண்டு மணி வரை நீங்கள் ஒவ்வொரு பட்டறையிலும் தரையில் உட்கார்ந்து நோட்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்தீர்கள். யாரும் அதை மறுபடி பேச்சில் எடுக்கவில்லை. நான் மறக்கவில்லை.
>
> அடுத்த மாதம் முழுக்க, செவ்வாயும் வெள்ளியும் மாலை 5 முதல் 6 மணி வரை வேலை விஷயமாக என்னைக் கூப்பிடலாம். அதற்கு அப்புறமும் கூப்பிடுங்கள், ஆனால் டிக்கெட் நம்பர் சொல்லாதீர்கள்.

நன்றி சொல்லும் பத்தியைப் பாருங்கள். "உங்கள் அனைவரின் கடின உழைப்புக்கும்" என்று எழுதினால் கல்யாணப் பத்திரிகை வரி மாதிரி கண் தாண்டிப் போய்விடும். எல்லோரும் கூட இருந்த ஒரே ஒரு இரவை எடுத்தேன். அதிலும் தப்பு என் பக்கம் இருந்த இரவை. ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக ஒரு வரி எழுதலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். யார் பெயர் முதலில், யாருக்கு ரெண்டு வரி என்று எண்ணுவார்கள். தனியாகச் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்லுங்கள்.

அனுப்பிய பிறகு

ஆபீஸில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள். அனுப்பிவிட்டு வெளியே போவது கோழைத்தனமாகத் தெரியும். முதல் அரை மணி யாரும் பேச மாட்டார்கள். பிறகு ஒருவர் டீ குடிக்கக் கூப்பிடுவார்.

அன்று மதியமே பெரிய பட்டறைக்காரர்களை நேரில் பார்க்க வேண்டும். நாங்கள் ஐந்து பேரைக் குறித்து வைத்திருந்தோம். பத்தரைக்கு அனுப்பினோம். இரண்டரைக்கு செவ்வாய்ப்பேட்டையில் முதல் பட்டறைக்குள் நுழைந்தபோது, உரிமையாளர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னங்க தம்பி, பிரிஞ்சிட்டீங்களாமே" என்றார். கடிதத்தை யாரும் வெளியே அனுப்பவில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் வெளியே போகும் என்று வைத்துத்தான் எழுத வேண்டும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கணக்குல ஏதாச்சும் கோளாறுன்னா இனி யாரு வருவா?" கூட வந்திருந்த சப்போர்ட் தம்பியைக் காட்டினேன். அந்தக் காட்சிக்காகத்தான் அவனைக் கூட்டிப் போயிருந்தேன்.

இப்போது கடைசிப் பத்தி விஷயம். நான் உண்மையில் அனுப்பியது, "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், நான் இருக்கிறேன்." நல்ல மனசோடு எழுதியதுதான். மூன்று மாதம் போன் ஓயவில்லை. சீனியர் டெவலப்பர் ஒரு முடிவெடுத்தால், பிடிக்காதவர்கள் எனக்குப் போட்டு, "அண்ணா, நீங்க இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டார்கள். நானும் பதில் சொன்னேன். ஒரு நாள் அவனே கூப்பிட்டு, "அண்ணா, நீங்க போன மாதிரியே இல்லீங்க" என்றான். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனை நாள், எந்த நேரம், எதற்கு என்று எல்லை போட்டு எழுதுவது முகத்தில் அடித்த மாதிரி இருக்குமோ என்று பயப்படாதீர்கள். உங்கள் இடத்துக்கு வந்தவருக்கு அதுதான் வேலை செய்ய இடம் கொடுக்கிறது.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து கடைசி நாள் மாலையே வெளியேறுங்கள். முன்கூட்டியே "மாலை ஆறு மணிக்கு வெளியேறுகிறேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டால், கோபித்துக்கொண்டு போனதாக யாரும் நினைக்க மாட்டார்கள். லிங்க்ட்இன் பதிவை ஒரு மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

DIR-12 தாக்கல் ஆனதா என்று நீங்களே பாருங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடினால் டைரக்டர்கள் பட்டியல் வரும். என் பெயர் அதிலிருந்து போக ஐந்து வாரம் ஆனது. இரண்டு முறை ஆடிட்டருக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது. இப்படித் தாமதமாகும்போது டைரக்டரே DIR-11 என்ற படிவத்தில் தன் ராஜினாமாவைத் தாக்கல் செய்ய வழி உண்டு. அந்தக் கட்டத்துக்கு நான் போகவில்லை.

நான்காம் மாதம் ஒரு இரவு பதினொன்றரைக்கு என் போனுக்கு ஓடிபி வந்தது. கம்பெனியின் இணையப் பெயரைப் புதுப்பிக்க. வருடத்துக்கு ஒருமுறை வருவது, என் ஒரு மாதப் பட்டியலில் சிக்கவில்லை. உடனே அக்காவிடமிருந்து அழைப்பு. "தம்பி, தூங்கிட்டீங்களா?" எண்ணைச் சொன்னேன். மறுநாள் அந்த நம்பரையும் மாற்றிவிட்டு, பழைய பட்டியலில் பன்னிரண்டாவதாக எழுதி அவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.